இரவு ஒன்பதுக்குக் குளிசை, காலை ஒன்பதுக்கு இரத்தம்: லிதியம் அளவைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

முல்லைத்தீவுப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அக்கா ஒருவர். லிதியம் அளவு பார்க்க இரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். ரிப்போர்ட் வந்தபோது லீற்றருக்கு 1.3 மில்லிமோல் என்று இருந்தது. அவருக்கு வழக்கமாக 0.7 தான் இருக்கும். அடுத்த கிளினிக்கில் குளிசையைக் குறைக்கத் துண்டு எழுதப்போகும் நேரத்தில் நான் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

"அக்கா, இரத்தம் குடுத்த அண்டைக்குக் குளிசை எத்தனை மணிக்குப் போட்டனீங்கள்?"

"இரவு ரெண்டு குளிசை. பிறகு விடிய பஸ் ஏறக்குள்ள ஒண்டு. மறந்திடுவன் எண்டு தண்ணிப் போத்திலோடயே கொண்டுவந்தனான், மிஸ்."

அந்த 1.3 அவருடைய அளவே இல்லை. விடியப் போட்ட குளிசை குடலிலிருந்து இரத்தத்தில் ஏறி உச்சத்தில் நின்ற நேரத்தில் ஊசி குத்தியிருக்கிறோம். அதை நம்பிக் குளிசையைக் குறைத்திருந்தால் உண்மையான அளவு 0.4க்கு இறங்கியிருக்கும். இரண்டு மாதத்தில் அவர் நித்திரையில்லாமல் வீட்டுச் சாமான்களை விற்கத் தொடங்கியிருப்பார். "குளிசை வேலை செய்யேல்லை" என்று எல்லோரும் சொல்லியிருப்போம்.

மனநலக் கிளினிக்கில் பல வருஷம் வேலை செய்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பைபோலர், அதாவது இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு லிதியம் எடுப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் இது. எண் எப்படி உண்மையாகிறது, எதனால் அசைகிறது, அசைந்தால் வீட்டில் எப்படித் தெரியும் என்ற மூன்றையும் விளங்கிக்கொண்டால் மற்றதை டொக்டரோடு பேசிக்கொள்ளலாம். குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய வேலை. அவருக்குச் சரியான எண்ணைக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்களுடைய வேலை.

இடைவெளி ஏன் இவ்வளவு ஒடுக்கம்

நோய் திரும்பாமல் காக்க, பெரும்பாலானோருக்கு 0.6 முதல் 0.8 வரை போதும். மனநிலை அளவுமீறிப் பொங்கும் மனவெழுச்சி உச்சத்தில் இருக்கும் நாட்களிலும், முன்பு லிதியத்தில் இருந்தபடியே நோய் திரும்பியவர்களுக்கும் 0.8 முதல் 1.0 வரை வைப்பார்கள். வயதானவர்களுக்கு இதைவிடக் கீழே. 1.5ஐத் தாண்டினால் நஞ்சு என்ற கணக்கு. 2.0க்கு மேல் உயிருக்கு ஆபத்து. நஞ்சாகும் அளவு, வேலை செய்யும் அளவின் ஏறத்தாழ இரண்டு மடங்குதான். வேறு பல குளிசைகளில் தவறி இரண்டு மடங்கு போட்டாலும் ஒரு நாள் அசதியோடு போய்விடும். லிதியத்தில் இரண்டு மடங்கு தொடர்ந்தால் ஆஸ்பத்திரிதான்.

இதற்குக் காரணம் சிறுநீரகம். மற்ற மருந்துகளில் பலவற்றை ஈரல் உடைத்துப்போடும். லிதியம் சோடியத்தைப் போன்ற ஒரு மூலகம். அதை உடைக்க முடியாது. சிறுநீரகம் வடித்து வெளியேற்றினால்தான் போகும். சிறுநீரகத்துக்கோ லிதியத்தையும் சோடியத்தையும் பிரித்தறியும் கெட்டித்தனம் குறைவு. வடித்ததில் பெரும்பங்கைச் சோடியம் என்று நினைத்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தை விடாமல் பிடித்து வைக்கும், கூடவே லிதியத்தையும் பிடித்து வைக்கும். இனிமேல் சொல்லப்போகும் எல்லாத் தொல்லைகளும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இரத்த அளவு பார்க்கும் வழக்கம் வருவதற்கு முன் இந்த மருந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. 1949இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் ஜோன் கேட் என்ற மனநல மருத்துவர் மனவெழுச்சிக்கு லிதியம் வேலை செய்வதைக் கண்டு எழுதினார். அவர் முதலில் குணமாக்கிய நோயாளியே அடுத்த வருஷம் லிதியம் நஞ்சால் இறந்துபோனார். அதே 1949இல் அமெரிக்காவில் இருதய நோயாளிகளுக்கு உப்புக்குப் பதிலாக லிதியம் குளோரைட் விற்றார்கள். உப்பைத் தவிர்த்த உடம்பு லிதியத்தைப் பிடித்து வைத்ததில் சிலர் இறந்தார்கள். அந்த நாட்டில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைக்க 1970 வரை போயிற்று. கிளினிக் கொப்பியில் நாங்கள் எழுதும் சின்ன எண்ணுக்குப் பின்னால் இந்த மரணங்கள் இருக்கின்றன.

முதலாம் படி: தொடங்குவதற்கு முன் சிறுநீரகத்தைப் பார்ப்பது

முதல் குளிசைக்கு முன் நான்கு விஷயங்கள் பார்க்கப்பட வேண்டும். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச்., இரத்தத்தில் கல்சியம், பிறகு உடல் நிறை. இருதய வருத்தம் இருந்தால் ஈ.சி.ஜி.யும், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணென்றால் கர்ப்பச் சோதனையும் சேரும்.

வன்னியில் முதலாவதை மற்ற ஊர்களைவிட அழுத்திக் கேட்க வேண்டும். காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உலர் வலயத்தில் பரவியிருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வயல்செய்பவர்களிடம் அதைக் காண்கிறோம். அது தொடக்கத்தில் ஒரு நோவும் காட்டாது. சலம் வழக்கம்போலப் போகும். ஆள் வழக்கம்போல மண்வெட்டி பிடிப்பார். கிரியேட்டினினில்தான் தெரியும். அதிலும் வெறும் கிரியேட்டினினைப் பார்த்து "சாதாரணம்" என்று சொல்லி விடாமல், வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும் வடிகட்டும் வீதத்தைக் கேளுங்கள். அது 60க்குக் கீழே என்றால் லிதியம் வேண்டுமா என்று இரண்டு தரம் யோசிப்பார்கள். 30க்குக் கீழே என்றால் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தால் அதை நீங்களாகவே சொல்லுங்கள். "கேக்கேல்லை, அதான் சொல்லேல்லை" என்ற பதிலை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: தொடங்கி, ஒரு கிழமை பொறுப்பது

இனி ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடப்போம். கிளினிக்கில் பார்த்த பலருடைய கதைகளிலிருந்து கட்டிய ஆள் இவர். வயது 48. ஒட்டுசுட்டான் பக்கம் மூன்று ஏக்கர் வயல். இரண்டு தரம் மனவெழுச்சி வந்து விடுதியில் இருந்தவர். கிரியேட்டினின் 88 மைக்ரோமோல், அவர் வயதுக்கு நல்லது. 250 மில்லிகிராம் லிதியம் காபனேற் குளிசை இரண்டு, இரவில் ஒரே தரமாக. அதாவது நாளுக்கு 500 மில்லிகிராம்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி கேட்டார், "இரத்தம் இப்பவே பாக்கலாமே?" கூடாது. போட்ட லிதியத்தில் பாதி வெளியேற ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். ஒவ்வோர் இரவும் புதிதாக இரண்டு குளிசை சேரும். அதனால் இரத்த அளவு படிப்படியாகத்தான் ஏறும். முதல் நாள் முடிவில் கடைசியாக நிற்கப்போகும் அளவில் பாதி, இரண்டாம் நாள் முக்கால், மூன்றாம் நாள் முக்காலே அரைக்கால், ஐந்தாம் நாளில் அநேகமாக முழுவதும். குளத்துக்கு வரும் தண்ணீரும் வான்கதவால் போகும் தண்ணீரும் சமமாகிற நாள்வரை பொறுத்துத்தான் மட்டம் பார்க்க வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் என்பது இதனால்தான். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் சோர்ந்தவர்களுக்கும் இதைவிடக் கூட நாள் எடுக்கும்.

ஒவ்வொரு முறை குளிசையின் எண்ணிக்கை மாறும்போதும் இந்த ஒரு கிழமைக் கணக்குத் திரும்பத் தொடங்கும்.

மூன்றாம் படி: பன்னிரண்டு மணித்தியாலம்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். 0.6 முதல் 0.8 என்ற எண்ணெல்லாம் கடைசிக் குளிசைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்த இரத்தத்துக்குரியவை. இரண்டு மணித்தியால இரத்தத்துக்கு அந்த எண்ணோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

எனவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். இரத்தம் எடுக்கும் இடத்தில் உங்களுடைய முறை காலை எத்தனை மணிக்கு வரும்? ஒன்பது என்றால் முதல்நாள் இரவு ஒன்பதுக்குக் குளிசை. ஏழு மணிக்கே எடுத்து முடித்துவிடுகிற இடமென்றால் இரவு ஏழுக்கு. தூர இடத்திலிருந்து வருபவர்களுக்கு பஸ் பிந்தும், வரிசை நீளும். அரை மணித்தியாலம் முந்திப் பிந்தினால் குடிமுழுகாது. பத்து மணித்தியாலத்தில் எடுத்தால் எண் கொஞ்சம் கூடவும், பதினான்கில் எடுத்தால் கொஞ்சம் குறையவும் காட்டும். நேரம் தெரிந்தால் டொக்டர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். நேரம் தெரியாத எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

காலையிலும் குளிசை போடுபவரென்றால் இரத்தம் கொடுக்கும் அன்று காலைக் குளிசையைக் கையில் கொண்டுவாருங்கள். ஊசி குத்தி முடிந்து, பஞ்சை அமத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வாங்கில் இருந்து போடுங்கள். சாப்பிடாமல் வரத் தேவையில்லை. தண்ணீர் குடியாமல் வரவே வேண்டாம்.

இன்னொரு பொறி இரத்தம் எடுக்கும் குழாயில் இருக்கிறது. பச்சை மூடிக் குழாய்களில் பலவற்றில் இரத்தம் உறையாமல் இருக்க லிதியம் ஹெபரின் தடவியிருப்பார்கள். அதில் எடுத்தால் உடம்பில் இல்லாத லிதியத்தைக் குழாயே சேர்த்துவிடும். ஆள் சிரித்துக்கொண்டு நிற்பார், ரிப்போர்ட் மட்டும் 2.5 என்று அலறும். உறையவிட்டுத் தெளிவை எடுக்கும் சாதாரணக் குழாய்தான் வேண்டும். "இது லிதியம் பாக்கிறதுக்கு, பச்சை மூடி வேண்டாமே மிஸ்" என்று பணிவாகச் சொல்வதில் பிழையில்லை. நான் கோபித்ததில்லை. ஒரு தரம் அப்படிச் சொன்ன தம்பி என் கையிலிருந்த பிழையான குழாயைத் திருத்தியிருக்கிறார்.

சில இடங்களில் இரத்தம் வேறு ஆய்வுகூடத்துக்குப் போய் முடிவு வர நாள் எடுக்கும். இரத்தம் கொடுக்கும்போதே எப்போது வரும் என்று கேட்டு, கிளினிக் நாளுக்குக் கைக்குக் கிடைக்கிற மாதிரி முந்திக் கொடுங்கள். ரிப்போர்ட் இல்லாமல் கிளினிக்குக்கு வந்து போவது வன்னி ரோட்டில் ஒரு முழு நாள் கூலி.

நான்காம் படி: எண்ணைப் படித்து அளவை மாற்றுவது

எங்கள் வயல்காரருக்கு ஏழாம் நாள் வந்தது 0.45. நடுக்கமில்லை, சத்தியில்லை, ஆனால் அளவு காணாது. லிதியத்தில் ஒரு வசதி உண்டு. சிறுநீரகம் மாறாமல் இருந்தால் குளிசை எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் இரத்த அளவும் கூடும். 500க்கு 0.45 என்றால் 750க்கு 0.45ஐ ஒன்றரையால் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.68. 1000க்கு 0.9. அவருக்கு 0.6 முதல் 0.8க்குள் நின்றால் போதும். ஆகவே இரவில் மூன்று குளிசை என்று டொக்டர் எழுதினார். அடுத்த கிழமை இரத்தத்தில் 0.7. அதற்கடுத்த கிழமையும் 0.7.

இந்தப் பெருக்கல் ஓர் ஊகம்தான். அதனால்தான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரு கிழமை பொறுத்துத் திரும்பப் பார்க்கிறோம். அளவு நிலைத்த பிறகு முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஒன்றும் குழம்பாதவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போதும். வயதானவர்களுக்கும், சிறுநீரகத்தில் சந்தேகம் உள்ளவர்களுக்கும், லிதியத்தோடு முட்டும் மருந்து எடுப்பவர்களுக்கும் மூன்று மாதமேதான். கிரியேட்டினின், தைரொயிட், கல்சியம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். வருஷக்கணக்கில் லிதியம் எடுப்பவர்களுக்குத் தைரொயிட் மந்தமாவது அடிக்கடி நடக்கும். அதற்குத் தனிக் குளிசை கொடுத்துச் சமாளிக்கலாம், அதற்காக லிதியத்தை நிறுத்த வேண்டியதில்லை.

எண் குறைந்து வந்தால் முதலில் கேட்க வேண்டியது குளிசை தவறியதா என்பதைத்தான். எங்களிடம் வருபவர்களில் சிலர் இரண்டு மாதம் விட்டுவிட்டு, கிளினிக் வருகிறது என்று கடைசி நாலு நாள் ஒழுங்காகப் போடுவார்கள். மேலே சொன்ன கணக்கின்படி நாலு நாளில் அளவு அநேகமாக முழுதாக ஏறிவிடும். ரிப்போர்ட் அழகாக இருக்கும். நாங்களும் ஏமாந்துபோவோம், அவரும் நோயில் விழுவார். திட்டமாட்டோம், உண்மையைச் சொல்லுங்கள். ஓர் இரவு தவறினால் அடுத்த இரவு வழக்கமான அளவு மட்டும். இரட்டித்துப் போடக்கூடாது. இனி வேண்டாம் என்று முடிவெடுத்தால்கூட ஒரேயடியாக நிறுத்தினால் மனவெழுச்சி திரும்பிப் பாயும். டொக்டரோடு பேசி ஆகக் குறைந்தது நாலு கிழமை, இயன்றால் மூன்று மாதம் என்று மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

எண் தானாக ஏறிய ஆவணி மாதம்

ஒன்றரை வருஷம் அவருக்கு 0.7 அசையவில்லை. நித்திரை வந்தது, கடன் குறைந்தது, மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். ஆடி கடைசியில் பிரஷர் கிளினிக்கில் இரத்த அழுத்தம் கூட என்று லொசாட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் எழுதினார்கள். பிரஷருக்குக் கொப்பி வேறு, மனநலத்துக்குக் கொப்பி வேறு. அவர் ஒரு கொப்பியைத்தான் கொண்டுபோனார். அங்கே எழுதியவரிலும் பிழை சொல்ல மாட்டேன், அவர் முன்னால் லிதியம் என்ற சொல்லே இருக்கவில்லை.

தயசைட் சலத்தைக் கூட்டிச் சோடியத்தை வெளியேற்றும். சோடியம் குறைந்ததும் சிறுநீரகம் லிதியத்தைப் பிடித்து வைக்கும். இது ஒன்றே அளவை நூற்றுக்கு 25 முதல் 40 வரை கூட்டிவிடும். லொசாட்டனும் அதே திசையில்தான் தள்ளும். அதோடு சிறுபோக அறுவடை வந்தது. நாள்முழுக்க வெயிலில் நின்றார், வேர்த்தது, முழங்கால் நொந்தது. பார்மசியில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டார். டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்ற நோக்குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து லிதியத்தை இன்னும் தேக்கும். ஆவணி இரண்டாம் கிழமை வயிற்றோட்டம் இரண்டு நாள். வயிற்றைக் காயப்போடுவோம் என்று உப்பில்லாத கஞ்சிதான் குடித்தார்.

மூன்று குளிசையில் ஒன்றும் கூடவில்லை. அதே மூன்றுதான்.

முதலில் கண்டது மனைவி. வழக்கமாகவே அவருடைய விரல் நுனியில் ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. கையை நீட்டிப் பிடித்து, மேலே ஒரு கடதாசி வைத்தால்தான் தெரியும். லிதியம் எடுக்கும் பலருக்கு அது இருக்கும், அதில் பயமில்லை. அன்று காலை தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க, கை முழுவதும் தடதடத்துச் சாரத்தில் ஊற்றிக்கொண்டார். சாரத்தை மாற்றப் போனவர் அதைக் கட்ட முடியாமல் இரண்டு தரம் அவிழவிட்டார். நடக்கும்போது கால் அகல வைத்து, படகில் நிற்பவர்போலச் சாய்ந்தார். மத்தியானம் மகளைக் கூப்பிட்டபோது நாக்குப் புரளவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் "குடிச்சிட்டானோ" என்று கேட்டாராம். லிதியம் நஞ்சைப் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். வெறியில் நிற்பதுபோலவே இருக்கும். மெல்லிய நடுக்கம் முரட்டு நடுக்கமாவது, சத்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், அரைத் தூக்கம், குழப்பம், கடைசியில் வலிப்பு என்று ஏறிக்கொண்டு போகும். இதில் வயிற்றோட்டம் ஒரு குழப்படிக்காரன். அது நஞ்சின் அறிகுறியாகவும் வரும், நஞ்சைக் கூட்டும் காரணமாகவும் வரும்.

மனைவி செய்ததில் இரண்டு காரியம் அவரைக் காப்பாற்றியது. அன்றிரவுக் குளிசையைக் கொடுக்கவில்லை. 1990க்கு அடித்து அம்புலன்ஸை எடுத்து, இரண்டு கொப்பியையும் எல்லாக் குளிசைப் பைகளையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். டைக்ளோபினாக் அட்டையும் அதற்குள் இருந்தது. கடைசிக் குளிசை முதல்நாள் இரவு எட்டரைக்கு என்று வாசலிலேயே சொன்னார்.

அளவு 1.9. கிரியேட்டினின் 88 இருந்த இடத்தில் 160.

ஆஸ்பத்திரியில் லிதியம், பிரஷர் குளிசை, நோக்குளிசை மூன்றையும் நிறுத்தினார்கள். சேலைன் ஏற்றினார்கள், இரத்தச் சோடியத்தையும் பார்த்துக்கொண்டார்கள். நெடுநாள் லிதியம் எடுத்தவருடைய சிறுநீரகம் தண்ணீரை அதிகம் இழக்கும், சேலைன் ஏறும்போது சோடியம் எல்லை மீறலாம். சில மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அளவு பார்த்தார்கள். மறுநாள் 1.2, அதற்கடுத்த நாள் 0.8. வேறு நஞ்சுகளுக்குக் கொடுக்கும் கரி இதற்கு உதவாது, லிதியம் அதில் ஒட்டாது. நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ, இருதயத் துடிப்பு ஆபத்தாக மாறினாலோ எண் எதுவாக இருந்தாலும் டயலிசிஸ் யோசிப்பார்கள். சிறுநீரகம் சோர்ந்திருந்து 4.0ஐத் தாண்டினாலும் அப்படித்தான். இவருக்கு அது தேவைப்படவில்லை.

எண் 0.8க்கு வந்த பிறகும் அவர் குழறிக்கொண்டேதான் இருந்தார். மனைவி பயந்துபோனார். மூளைக்குள் போன லிதியம் இரத்தத்திலிருந்து போவதைவிட மெதுவாகத்தான் இறங்கும். ஐந்தாம் நாள் பேச்சுத் தெளிந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கனகாலம் எடுத்தவருக்கு மூளையில் நிறைந்திருப்பதால் 1.3, 1.4 என்ற எண்ணிலேயே நஞ்சின் அறிகுறிகள் வரலாம். எண் நல்லது, ஆள் தள்ளாடுகிறார் என்றால் ஆளை நம்புங்கள். பிந்திப்போன சிலருக்குத் தள்ளாட்டமும் குழறலும் நிரந்தரமாகவே தங்கிவிட்டிருக்கின்றன.

கிரியேட்டினின் பழைய இடத்துக்கு வந்தபின் லிதியம் 500இல் திரும்பத் தொடங்கியது. பிரஷருக்கு அம்லோடிபின் மாற்றினார்கள், அது லிதியத்தோடு முட்டுவதில்லை. நோவுக்குப் பனடோல் மட்டும். கிழமைக்கு ஒரு தரம் இரத்தம் பார்த்து, இரண்டு மாதத்தில் திரும்பவும் 750, திரும்பவும் 0.7.

ஐந்தாம் படி: வீட்டில் உப்பும் தண்ணீரும்

உப்பைத் திடீரெனக் குறைக்கவும் வேண்டாம், திடீரெனக் கூட்டவும் வேண்டாம். குறைத்தால் லிதியம் ஏறும், கூட்டினால் இறங்கும். பிரஷருக்காக உப்பைக் குறைக்கச் சொன்னால் அதை மனநலக் கிளினிக்கிலும் சொல்லி, ஒரு கிழமையில் இரத்தம் பாருங்கள். தேத்தண்ணி, கோப்பி கனக்கக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினாலும் அளவு கொஞ்சம் ஏறும்.

காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் குடியுங்கள், அன்றைய லிதியத்தைப் போடாமல் அன்றைக்கோ மறுநாளோ டொக்டரிடம் போய் அளவு பார்க்கக் கேளுங்கள். மாரியில் வயலில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் வந்தால் அது சிறுநீரகத்தையே தாக்கும். காய்ச்சலோடு சலம் குறைந்தால் மறுநாள்வரை பொறுக்கவே கூடாது.

விரதத்தைப் பற்றிக் கேட்கப் பலருக்குக் கூச்சம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர்கூடக் குடியாமல் இருப்பவர்களும், உப்பில்லாமல் இருப்பவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். லிதியத்தில் அது கூடாது. ஒருநேரச் சாப்பாடு, உப்போடு, தண்ணீர் குறையாமல் என்று மாற்றிப் பிடிக்கலாம். அம்மன் பொங்கலுக்கு நடைபோகிறவர்களும் அப்படித்தான், வைகாசி வெயிலில் தண்ணீர்ப் போத்திலில்லாமல் இறங்கக்கூடாது. ஒரு அம்மா என்னிடம் சொன்னார், "முருகன் குளிசையைப் பற்றிக் கேக்கமாட்டார், நீங்கள்தான் கேக்கிறியள்." அந்த வருஷம் அவர் மோர் குடித்து விரதம் பிடித்தார்.

மனநிலையை நிலைப்படுத்தும் மற்ற மருந்துகள், சுருக்கமாக

சோடியம் வல்புரோயேற்றுக்கும் இரத்த அளவு உண்டு, மில்லிலீற்றருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம். ஆனால் அங்கே இடைவெளி அகலம். குளிசை போடுகிறாரா, நஞ்சா என்று சந்தேகம் வந்தால்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். அதில் பயம் வேறு இடத்தில். கர்ப்பத்தில் எடுத்தால் ஏறத்தாழப் பத்துக்கு ஒரு பிள்ளைக்கு உடற்குறை, பத்துக்கு மூன்று நாலு பிள்ளைக்கு வளர்ச்சியில் தாமதம். பிள்ளை பெறக்கூடிய பெண்ணுக்கு அதை எழுதினால் ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கர்ப்பத்தில் லிதியமும் தனிக் கவனம் கேட்கும் மருந்துதான். நாள் தவறியது தெரிந்ததும் நிறுத்திவிடாமல் உடனே வாருங்கள். காபமசப்பினிலும் லமோட்ரிஜினிலும் தோலைப் பாருங்கள். தொடங்கிய முதல் கிழமைகளில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எங்கள் வயல்காரருடைய இரண்டு கொப்பியின் மட்டையிலும் இப்போது சிவப்புப் பேனையால் "லிதியம் எடுப்பவர்" என்று எழுதியிருக்கிறது. மகளின் கையெழுத்து. உள்மட்டையில் அவள் நாலு கோடு கீறியிருக்கிறாள்: திகதி, இரவு குளிசை போட்ட நேரம், காலை இரத்தம் எடுத்த நேரம், வந்த எண். கடைசி வரியில் 9.00, 9.10, 0.7 என்று இருந்தது. பக்கத்தில், நான் கேட்காமலே, "பச்சை மூடி இல்லை" என்றும் எழுதியிருந்தாள்.